பத்து வேலைகள், எல்லாமே அவசரம், எல்லாமே முக்கியம்: நாளைக் காலை எதில் தொடங்குவது?

கயல் · புதன், இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கம். அவசரம், முக்கியம் என்று இரண்டு கோடு போட்டு, வேலைகளை நான்கு கட்டத்தில் பிரிக்கும் முறையைத்தான் நானும் வைத்திருக்கிறேன். எனக்கு வரும் சிக்கல் என்னவென்றால், பட்டியலில் பாதிக்கு மேல் அவசரமும் முக்கியமும் சேர்ந்த முதல் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் கட்டத்துக்குள் எது முதலில் என்று அந்த முறை சொல்வதே இல்லை. கடைசியில் யார் அதிகமாகக் கேட்கிறார்களோ அவர்கள் வேலைதான் முதலில் நடக்கிறது.

நாளை வியாழனுக்கான பட்டியலை அப்படியே தருகிறேன். பக்கத்தில் இருப்பது ஆகும் நேரம்.

1. வாடிக்கையாளருக்கான காலாண்டு அறிக்கை. வெள்ளி மாலை 5-க்குள் போக வேண்டும். 5 மணி நேரம்.
2. புதிய வேலைக்குக் கொட்டேஷன். நாளை மாலை 4-க்குள். 45 நிமிடம்.
3. பதில் போடாத மெயில்கள், 14. ஒரு மணி நேரம்.
4. திங்கட்கிழமை சேரும் புதியவருக்கு லாகின் கேட்டு ஐ.டி. பிரிவுக்குப் படிவம். 10 நிமிடம்.
5. சக ஊழியரின் ஸ்லைடுகளைப் பார்த்துக் கருத்துச் சொல்வது. "ரொம்ப அவசரம்" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். 40 நிமிடம்.
6. வண்டி இன்சூரன்ஸ் புதுப்பிப்பு. சனிக்கிழமை கடைசி. 15 நிமிடம்.
7. பல் மருத்துவரிடம் நேரம் வாங்குவது. 5 நிமிடம்.
8. எங்கள் பிரிவின் வேலை முறைகளை எழுதிவைக்கும் கையேடு. கெடு இல்லை. 3 மணி நேரம்.
9. பொது ஃபோல்டரில் குவிந்த ஃபைல்களை ஒழுங்குபடுத்துவது. ஒரு மணி நேரம்.
10. வாராந்திர வருகைப் பதிவு. நாளை பகல் 12-க்குள். 10 நிமிடம்.

அலுவலகம் 9 முதல் 6 வரை. 11-லிருந்து 12 வரை மீட்டிங், 1-லிருந்து 2 வரை இடைவேளை. நீங்களாக இருந்தால் எந்த வரிசையில் போவீர்கள்?

---

ரவி_க · புதன், இரவு 8:58

நீங்கள் கட்டங்களைத் தாராளமாக நிரப்புகிறீர்கள், அவ்வளவுதான். முக்கியம் என்றால் உண்மையிலேயே முக்கியமாக இருக்க வேண்டும். உங்கள் பட்டியலில் அப்படிப்பட்டவை அறிக்கையும் கொட்டேஷனும் மட்டுமே. மற்றதில் சிலவற்றை வேறொருவரிடம் கொடுங்கள், சிலவற்றை அடித்துவிடுங்கள்.

காலை 9-க்கு அறிக்கையைத் திறந்து உட்காருங்கள். பெரிய வேலை முதலில். அது முடியும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். படிவம், வருகைப் பதிவு மாதிரிச் சின்ன விஷயங்களை மாலையில் சோர்ந்திருக்கும்போது செய்யலாம்.

---

மாறன் · புதன், இரவு 9:05

நான் முன்பு இரண்டு மூன்று செயலி மாற்றிப் பார்த்துவிட்டு இப்போது தாளுக்கே வந்துவிட்டேன். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பேனா. முடித்ததைக் கோடு போட்டு அடிக்கும்போது கிடைக்கும் திருப்தி திரையில் கிடைக்காது. முயன்று பாருங்கள்.

---

கயல் · புதன், இரவு 9:11

மாறன், நன்றி. எங்கே எழுதுவது என்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. எந்த நிறத்தில் எழுதினாலும் சிவப்பில் ஏழு இருக்கும், அந்த ஏழில் முதலாவது எது என்பதுதான் கேள்வி.

ரவி, வருகைப் பதிவு மாலையில் செய்தால் கெடு தாண்டிவிடுமே. 12 மணிக்குள் போகாவிட்டால் இரண்டு பேருக்குச் சம்பளக் கணக்கு தள்ளிப்போகும்.

---

சக்கரம் · புதன், இரவு 9:30

கயல், நான் ஆலையில் உற்பத்தித் திட்டமிடலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த ஆர்டரை எந்த நேரத்தில் இயந்திரத்தில் ஏற்றுவது என்பதுதான் அங்கே அன்றாடப் பிழைப்பு. உங்கள் கேள்வியும் அதே கேள்விதான். ஆனால் வரிசை சொல்லும் முன் நான்கு விஷயம் தெரிய வேண்டும்.

போன காலாண்டு அறிக்கைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது? அதற்கு வேண்டிய எண்கள் உங்கள் கையில் இருக்கின்றனவா, வேறு யாராவது தர வேண்டுமா? ஐ.டி. பிரிவு லாகின் கொடுக்க எத்தனை நாள் எடுக்கும்? அந்த ஸ்லைடுகள் எந்தக் கூட்டத்துக்கு, என்றைக்கு?

---

கயல் · புதன், இரவு 9:47

போன முறை ஏழரை மணி நேரம் ஆனது ஐயா. நேரப் பதிவைத் திறந்து பார்த்துத்தான் சொல்கிறேன். இந்த முறை வடிவம் தயாராக இருப்பதால் 5 போதும் என்று நினைத்தேன்.

எண்கள் கணக்குப் பிரிவிலிருந்து வர வேண்டும். கேட்டால் அரை நாளில், அதாவது நான்கு மணி நேரத்தில் அனுப்புவார்கள். இன்னும் கேட்கவில்லை. ஐ.டி. பிரிவுக்கு இரண்டு முழு வேலை நாள் வேண்டும். ஸ்லைடுகள் அடுத்த புதன்கிழமைக் கூட்டத்துக்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கொட்டேஷன் வெளியே போகும் முன் மேலாளர் பார்க்க வேண்டும். அவர் நாளை 2 மணிக்கு மேல் வேறு கூட்டத்தில் இருப்பார்.

---

சக்கரம் · புதன், இரவு 10:25

இப்போது பேசலாம்.

நீங்கள் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் எழுதியிருப்பது கெடு. வேலை எப்போது முடிய வேண்டும் என்பதை அது சொல்லும், எப்போது தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லாது. காலையில் உங்களுக்குத் தேவை இரண்டாவது விஷயம். அதனால் கெடுவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். வேலைக்கு ஆகும் நேரத்தைக் கழியுங்கள், மற்றவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் கடைசித் தொடக்க நேரம். அவசரத்தை அதை வைத்து அளந்தால் உங்கள் பட்டியல் வேறு மாதிரி தெரியும்.

படிவத்தை எடுத்துக்கொள்வோம். திங்கள் காலை 9-க்கு அவர் வேலைக்கு வருவார். ஐ.டி. பிரிவுக்கு வியாழன், வெள்ளி இரண்டு முழு நாளும் வேண்டும். அப்படியானால் கடைசித் தொடக்கம் நாளைக் காலை 9 மணி. உங்கள் பட்டியலில் அது அடுத்த வாரத்து வேலை போலத் தெரிகிறது, உண்மையில் பத்திலும் அவசரமானது அதுதான். மாலையில் போட்டால் திங்கட்கிழமை ஒருவர் கணினியைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்.

அடுத்தது அறிக்கை. 5 மணி நேரம் என்பதை நான் எடுத்துக்கொள்ளவில்லை, ஏழரை என்றே வைக்கிறேன். தனக்குத் தெரிந்த வேலைக்கே குறைவான நேரம் போடுவது மனித இயல்பு. கானெமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இதற்கு மருந்து, இந்த முறை எப்படி நடக்கும் என்று கற்பனை செய்யாமல் போன முறை எவ்வளவு ஆனது என்று பார்ப்பது.

வெள்ளியன்று காலை 9 முதல் மாலை 5 வரை, இடைவேளை போக 7 மணி நேரம். அதில் தொலைபேசி, கேள்வி, மெயில் எல்லாம் போக நம்பித் திட்டமிடக்கூடியது 5 மணி நேரம். மீதி இரண்டரை மணி நேரத்தை வியாழனிலேயே செய்தாக வேண்டும். வியாழன் மாலை கடைசி ஒரு மணி நேரத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, நாள் முழுக்கத் தள்ளிப்போனவை எல்லாம் அங்கேதான் வந்து சேரும். எனவே 5 மணிக்குள் இரண்டரை மணி நேரம் என்றால், எழுதத் தொடங்குவது மதியம் 2:30-க்கு மேல் போகக் கூடாது.

அந்த நேரத்தில் எண்கள் கையில் இருக்க வேண்டும். கணக்குப் பிரிவுக்கு நான்கு மணி நேரம். 2:30-லிருந்து இடைவேளையை விட்டுப் பின்னால் எண்ணினால் காலை 9:30 வரும். ஆக, வெள்ளி மாலை 5 மணிக் கெடு உள்ள அறிக்கையின் முதல் துண்டு, அதாவது எண்களைக் கேட்டு ஒரு மெயில் போடுவது, நாளைக் காலை 9:30-க்குள் நடக்க வேண்டும். அது ஐந்து நிமிட வேலை. ரவி சொன்னதுபோல 9 மணிக்கு அறிக்கையோடு உட்கார்ந்தால், எழுத எண்களே இருக்காது.

பட்டியலில் "அறிக்கை" என்று ஒரே வரியாக எழுதியதால்தான் இது மறைந்துவிட்டது. அடுத்தவர் கை பட வேண்டிய வேலை எதுவானாலும் இரண்டு வரியாக எழுதுங்கள்: கேட்பது ஒரு வரி, செய்வது ஒரு வரி. கேட்பது எப்போதும் சின்ன வேலை, எப்போதும் அவசரம்.

கொட்டேஷனும் அப்படித்தான். காகிதத்தில் கெடு மாலை 4, ஆனால் மேலாளர் 2-க்கு மேல் கிடைக்க மாட்டார். 11 மணி மீட்டிங்குக்கு அவரும் வருவார் என்றால் அதற்கு முன் முடித்துக் கையில் கொடுப்பது நல்லது.

சக ஊழியரின் ஸ்லைடுகள் அடுத்த புதனுக்கு. திங்கள் காலை பார்த்தாலும் அவருக்குத் திருத்த ஒன்றரை நாள் இருக்கும். நாளை அதற்கு இடமில்லை. ஆனால் பேசாமல் தள்ளிப்போடாதீர்கள், "திங்கள் 11 மணிக்குள் தருகிறேன்" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

நான் போடும் வரிசை: 9 மணிக்குப் படிவம், உடனே கணக்குப் பிரிவுக்கு மெயில், வருகைப் பதிவு, பிறகு கொட்டேஷன். மீட்டிங். 12-லிருந்து 1 வரை எண்கள் இல்லாமல் எழுதக்கூடிய அறிக்கைப் பகுதிகள். இடைவேளை முடிந்ததும் இன்சூரன்ஸ். 2:30-லிருந்து 5 வரை அறிக்கை. மிச்ச நேரத்தில் மெயில்கள். கூட்டிப் பார்த்தால் மெயில் நீங்கலாகச் சுமார் ஐந்து மணி நேரம். உங்களிடம் இருப்பது ஏழு. மீதி இரண்டு காலியாக இருக்கட்டும், அது தானாக நிரம்பும்.

---

தென்றல் · புதன், இரவு 10:50

சக்கரம் ஐயா, விரிவாக எழுதியதற்கு நன்றி. எனக்கு ஒரு சந்தேகம். இன்சூரன்ஸ் சனிக்கிழமைதானே? உங்கள் கணக்குப்படி கடைசித் தொடக்கம் சனி மாலைவரை தள்ளும். அதை ஏன் நாளைக்கே வைக்கிறீர்கள்?

அப்புறம், சின்ன வேலைகளை எல்லாம் முதலில் முடித்துவிட்டால் பட்டியல் சட்டென்று பாதியாகிவிடும், மனம் லேசாகும். நான் அப்படித்தான் செய்கிறேன். அதில் என்ன தவறு?

---

சக்கரம் · புதன், இரவு 11:10

நல்ல கேள்வி தென்றல். இன்சூரன்ஸில்தான் முக்கியம் என்ற இரண்டாவது அளவு வருகிறது. முக்கியத்தை நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: கெடு தவறினால் என்ன இழப்பு, அதைப் பிறகு சரிசெய்ய முடியுமா? ஃபோல்டர் ஒழுங்குபடுத்துவது ஒரு மாதம் தள்ளிப்போனாலும் எரிச்சல் மட்டுமே. இன்சூரன்ஸ் ஒரு நாள் விட்டுப்போய், அந்த நாளில் விபத்து நடந்தால், பிறகு என்ன செய்தும் அதைத் திரும்பப் பெற முடியாது. திருத்த முடியாத இழப்பு உள்ள வேலையைக் கடைசித் தொடக்கம்வரை இழுக்கக் கூடாது. பணம் கட்டும் பக்கம் திறக்காது, கார்டு மறுக்கப்படும், ஏதாவது ஒன்று நடக்கும். ஒரு வேலை நாளாவது முன்னால் வையுங்கள்.

சின்னது முதலில் என்பதற்கு அடிப்படை இருக்கிறது. எல்லா வேலைக்கும் ஒரே மதிப்பு என்றால், சின்னதிலிருந்து பெரிதாகப் போவதுதான் மொத்தக் காத்திருப்பைக் குறைக்கும். மதிப்பு வேறுபட்டால் மதிப்பை நேரத்தால் வகுத்து, அதிகம் வருவதை முதலில் எடுக்க வேண்டும். ஸ்மித் என்பவர் 1956-ல் இதை நிரூபித்தார், திட்டமிடல் படிப்பில் இன்றும் முதலில் சொல்லித்தருவது இதுதான். பத்து நிமிடப் படிவம் ஒருவரின் ஒரு நாளைக் காப்பாற்றுகிறது, அதனால் மேலே வருகிறது. ஃபைல் ஒழுங்குபடுத்துவதைப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டினாலும் அது மேலே வராது. ஆனால் அந்த விதி கெடுவைப் பார்ப்பதில்லை. கெடு இருக்கும் இடத்தில் முதலில் கடைசித் தொடக்கத்தைப் பாருங்கள், இரண்டு வேலை அருகருகே வரும்போது இந்த விதியை வைத்து முடிவு செய்யுங்கள்.

---

ரவி_க · புதன், இரவு 11:22

எண்கள் வேறு இடத்திலிருந்து வர வேண்டும் என்பதை முதலில் கயல் சொல்லவில்லை, அதனால்தான் அறிக்கையைச் சொன்னேன். சரி, படிவம் முதலில் என்பதை ஏற்கிறேன். ஆனாலும் ஒரு பயம். காலையில் மெயிலைத் திறந்தால் அங்கேயே ஒரு மணி நேரம் போய்விடும். சின்ன வேலை நான்கு என்று தொடங்குபவர்கள் பதினான்கில் போய் நிற்பதைத்தான் அலுவலகத்தில் தினமும் பார்க்கிறேன். என் மனம் தெளிவாக இருப்பதும் அந்தக் காலை நேரத்தில்தான்.

---

ஏடு · புதன், இரவு 11:40

ரவி சொல்லும் பயத்துக்கு ஆதாரம் உண்டு. 2018-ல் நுகர்வோர் ஆய்வு இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. அதிகப் பலன் தரும் வேலை ஒன்று, குறைந்த பலன் தருவது ஒன்று, ஆனால் இரண்டாவதற்கு நேரம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று காட்டி மக்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். முதல் வேலைக்கும் போதுமான நேரம் இருந்தது. இருந்தும் பலரும் சீக்கிரம் முடியப்போகும் வேலையையே எடுத்தார்கள். நேரம் முடியப்போகிறது என்ற ஒன்றே இழுத்துவிடுகிறது. தேர்ந்தெடுக்கும் கணத்தில் இரண்டின் பலனையும் நினைவூட்டியபோது அந்த இழுப்பு குறைந்தது.

கயலுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. பட்டியலில் கெடுவை மட்டும் எழுதினால் கண் அதையே பார்க்கும். பக்கத்தில் "தவறினால் என்ன ஆகும்" என்று மூன்று சொல் எழுதிவையுங்கள்.

நான்கு கட்ட முறையை அமெரிக்க அதிபராக இருந்த ஐசன்ஹோவர் பெயரில் சொல்கிறார்கள். அவர் 1954 ஆகஸ்டில் எவன்ஸ்டனில் பேசியபோது, அவசரமானவை முக்கியமல்ல, முக்கியமானவை ஒருபோதும் அவசரமாவதில்லை என்ற கருத்தைச் சொன்னார். அதையும் முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவர் சொன்னதாகத்தான் சொன்னார். அந்தப் பேச்சில் கட்டம் எதுவும் இல்லை, அது பிறகு வந்தது. அதனால் ஒரு கட்டத்துக்குள் எதை முதலில் வைப்பது என்பதற்கு அவரிடம் விடை தேட முடியாது.

---

இரவுப்பணி · வியாழன், அதிகாலை 4:15

நான் மருத்துவமனை வார்டில் செவிலியர். இதைப் படித்ததும் எனக்கு வேறு கவலை வந்தது. எங்களுக்குக் காலையில் பட்டியலே கிடையாது. வேலை வந்துகொண்டே இருக்கும். ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது மூன்று அழைப்பு வரும். கடைசித் தொடக்க நேரம் கணக்கிட யாருக்கு நேரம்? உயிர் ஆபத்து என்றால் எல்லாவற்றையும் விட்டு ஓடுவோம், அதில் குழப்பம் இல்லை. அதற்குக் கீழே இருக்கும் நூறு விஷயங்களில்தான் குழப்பம்.

---

சக்கரம் · வியாழன், காலை 7:05

அம்மா, உங்கள் வேலையைப் பற்றி உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆலையில் பழுதுபார்க்கும் பிரிவு மட்டும் உங்களைப் போல இருக்கும், அங்கே பார்த்ததைச் சொல்கிறேன். அவர்களுக்கு நாள் வரிசை போட முயன்றபோதெல்லாம் அரை மணி நேரத்தில் அது செத்துப்போகும். வரிசையை விட்டுவிட்டு இரண்டு முடிவை மட்டும் முன்கூட்டி எடுத்துவைத்தார்கள். கையிலிருக்கும் வேலையை எப்போது பாதியில் விடலாம் என்பது ஒன்று: காத்திருந்தால் இழப்பு கூடிக்கொண்டே போகும் என்றால் மட்டும் விடுவது, இழப்பு அப்படியே நிற்கும் என்றால் கையிலிருப்பதை முடித்துவிட்டுப் போவது. மற்றொன்று, ஒரு வேலை முடிந்ததும் வந்த வரிசையில் அடுத்ததை எடுக்காமல், காத்திருப்பவை எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு எடுப்பது.

---

இரவுப்பணி · வியாழன், காலை 7:40

பாதி பொருந்துகிறது. மருந்து நேரங்கள் எங்களுக்கு அசையாத புள்ளிகள், மற்றவை அவற்றுக்கு நடுவில்தான். ஆனால் "இழப்பு அப்படியே நிற்கிறது" என்று ஒரு நோயாளியைப் பார்த்துச் சொல்வது எளிதல்ல. அமைதியாக இருப்பவர்தான் பல நேரம் மோசமாகிக்கொண்டிருப்பார். சத்தமாக அழைப்பவர் முதலில் என்ற பழக்கத்தை எங்கள் இடத்திலும் உடைக்க முயன்றுகொண்டிருக்கிறோம். ஷிஃப்ட் முடிந்தது, பிறகு வருகிறேன்.

---

கயல் · வியாழன், மாலை 6:35

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

9 மணிக்குப் படிவம் போனது. கணக்குப் பிரிவுக்கு 9:10-க்கு மெயில். இன்பாக்ஸைத் திறக்காமல் புதிய மெயில் மட்டும் எழுதி மூடினேன், ரவி சொன்ன பயத்துக்காக. கொட்டேஷன் 10:40-க்கு முடிந்தது, மேலாளர் மீட்டிங் முடிந்த கையோடு பார்த்து ஒரு வரி மாற்றச் சொன்னார், பகல் 12:20-க்கு வெளியே போய்விட்டது.

எண்கள் 1:45-க்கு வந்தன. ஆனால் ஒரு பிரிவின் எண் விடுபட்டிருந்தது. திரும்பக் கேட்டு அது கையில் வந்தபோது மணி 4. காலையில் கேட்டிருந்ததால் தாங்கியது. மதியம் கேட்டிருந்தால் விடுபட்டது நாளைக் காலைதான் தெரிந்திருக்கும்.

ஸ்லைடுகள் விஷயத்தில் எதிர்பாராதது நடந்தது. திங்கள் 11 என்று எழுதியதும், "எனக்கு இரண்டு ஸ்லைடில்தான் சந்தேகம், அதை மட்டும் பார்த்தால் போதும்" என்று பதில் வந்தது. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அறிக்கையில் இரண்டரை மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம்தான் ஓடியது. மெயில்களில் ஐந்துக்குப் பதில் போட்டேன், மற்றவை பதிலே தேவைப்படாதவை. ஃபோல்டரைத் தொடவில்லை, பல் மருத்துவரை மறந்துவிட்டேன்.

எனக்கு உறுத்துவது எட்டாவது வேலை. கையேட்டுக்குக் கெடுவே இல்லை, அதனால் கடைசித் தொடக்கமும் இல்லை. இந்த முறைப்படி அது என்றைக்கும் மேலே வராதே? பல வாரங்களாக அடுத்த நாள் பட்டியலுக்கு அதை எடுத்து எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

---

தென்றல் · வியாழன், இரவு 7:10

அதற்கு நேரத்தை ஒதுக்கிவிடுங்கள் கயல். தினமும் காலை அரை மணி நேரம், வேறு எதுவும் அதற்குள் வரக் கூடாது. பட்டியலிலேயே வைக்காதீர்கள், நாட்காட்டியில் வையுங்கள்.

---

ரவி_க · வியாழன், இரவு 7:25

எனக்கு இந்த ஒதுக்கீடு நின்றதே இல்லை. நானே வைத்த கெடுவை நானே தள்ளிவிடுவேன், கேட்க ஆள் இல்லை என்று மனதுக்குத் தெரியும். யாராவது எதிர்பார்த்துக் காத்திருந்தால்தான் வேலை நகரும்.

---

சக்கரம் · வியாழன், இரவு 8:00

இந்த இடத்தில் என் முறை நொண்டுகிறது என்பது உண்மை. கெடு இல்லாத வேலையை அது பார்க்காது. நான் செய்வது, அந்த வேலை யாருக்கு முதலில் பயன்படும் என்று தேடி, அந்த நிகழ்ச்சியோடு கட்டிவிடுவது. கயலுக்கு அது கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை புதியவர் வருகிறார். மூன்று மணி நேரக் கையேடு வேண்டாம், முதல் வாரத்தில் அவர் கேட்கப்போகும் இரண்டு விஷயங்களுக்கு ஒரு பக்கம் போதும். அதற்குக் கெடு திங்கள் 9 மணி, ஆகும் நேரம் ஒரு மணி. இப்போது அது மற்ற வேலைகளோடு வரிசையில் நிற்கும், கயலாகக் கண்டுபிடித்த பொய்த் தேதியும் அல்ல.

மூன்றாவது முறையாக ஒரு வேலையை மறுநாள் பட்டியலுக்கு எடுத்து எழுதுகிறீர்கள் என்றால், அந்த வரி எழுதப்பட்ட விதத்திலேயே ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். உடைக்க வேண்டும், நிகழ்ச்சியோடு கட்ட வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும். ஃபோல்டரை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

---

தென்றல் · வியாழன், இரவு 8:20

எல்லாவற்றுக்கும் நிகழ்ச்சி கிடைக்காதே ஐயா. உடற்பயிற்சிக்கு என்ன நிகழ்ச்சி? ஒரு மொழி கற்றுக்கொள்ள? யாரும் காத்திருக்காத, ஆனால் விட்டால் பத்து வருடம் கழித்து வருந்தக்கூடியவைதான் நிறைய. அவற்றுக்குத் தினசரி ஒதுக்கீடு தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

---

சக்கரம் · வியாழன், இரவு 8:45

அவற்றை நான் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. ஒருநாள் செய்து முடித்து அடிக்கக்கூடியவைதான் பட்டியலுக்கு உரியவை. தினமும் தொடர வேண்டியவை வேறு கணக்கு. ஆனால் அந்த ஒதுக்கிய அரை மணி நேரமும் கயலின் அந்த ஐந்து மணி நேரத்துக்குள்தான் வர வேண்டும், அதை எங்கிருந்து எடுப்பது என்பதில் நாம் இன்னும் ஒத்துப்போகவில்லை.

---

கயல் · வியாழன், இரவு 9:05

அந்த ஒரு பக்கத்தை வெள்ளிக்கிழமைப் பட்டியலில் சேர்க்கப் பார்த்தேன். அறிக்கைக்கு இன்னும் ஐந்தரை மணி நேரம் வேண்டும், ஐயா சொன்ன கணக்கில் இருப்பதே ஐந்து. அரை மணி நேரம் ஏற்கெனவே கடன். 5 மணிக்கு அறிக்கை போன பிறகு 6 வரை ஒரு மணி நேரம் இருக்கிறது, அதில்தான் அந்தப் பக்கம். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நீங்கள் சொன்னீர்கள், ஆனால் வேறு இடம் இல்லை. அதனால் அறிக்கையில் எதைக் குறைக்கலாம் என்று பார்க்கிறேன். வாடிக்கையாளர் படிக்காத பின்னிணைப்பு ஒன்று இருக்கிறது, அதைத் திங்கட்கிழமை அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்களா என்று காலை 9 மணிக்கே கேட்டு மெயில் போடப்போகிறேன்.

---

சக்கரம் · வியாழன், இரவு 9:12

கேட்பது முதல் வரியாக வந்துவிட்டதே. பதில் மதியத்துக்குள் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள். பல் மருத்துவருக்குப் போன் போடுவதையும் 9 மணியிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.